ரிட்டர்னில் வேறு பொருள் வந்திருக்கிறதா? விற்பனைத் தளத்துக்கு மறுப்புக் கோரிக்கை எழுதும் முறை

ரிட்டர்னாக வந்த பார்சலைப் பிரிக்கிறீர்கள். பெட்டி உங்களுடையதுதான், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் நீங்கள் விற்ற அதே மாடல்தான். ஆனால் திருகுத் துளைகளைச் சுற்றிப் பூச்சு தேய்ந்திருக்கிறது, கேபிள் செருகும் இடத்தில் பொன்னிறத் தகடுகளின் மேல் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன. எங்கோ ஒரு கணினியில் நெடுநாள் ஓடிய டிஸ்க் அது என்பது உங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. விற்பனைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் கோபத்தோடு சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, “வாங்கியவர் ஏமாற்றிவிட்டார், ரீஃபண்ட் கொடுக்காதீர்கள்” என்று நான்கு வரி எழுதி, ஒரு மங்கலான படத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். “போதிய ஆதாரம் இல்லை” என்ற ஒற்றை வரியோடு அந்தக் கோரிக்கை மூடப்பட்டது.

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கோரிக்கையைப் படிக்கும் பணியாளர் உங்கள் பொருளை நேரில் பார்க்கப்போவதில்லை. “நான் புதியதை அனுப்பினேன், அவர் பழையதைத் திருப்பினார்” என்று நீங்கள் சொல்கிறீர்கள். “எனக்கு வந்ததே இதுதான்” என்று வாங்கியவர் சொல்லக்கூடும். ரிட்டர்ன் பெட்டியில் பழைய டிஸ்க் இருக்கும் படம் இந்த இரண்டு கூற்றுகளுக்கும் சமமாகப் பொருந்தும். எனவே உங்கள் கடிதம், அனுப்பிய பொருளுக்கும் திரும்பி வந்த பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அனுப்பிய நாளிலிருந்தே ஆதாரத்தோடு காட்ட வேண்டும். சீரியல் எண் உள்ள பொருள்களில் இதைத் தெளிவாகச் செய்ய முடியும் என்பதால், ஹார்ட் டிஸ்க் ஒன்றையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

பிரிப்பதற்கு முன்

பெரும்பாலான தளங்களில், ரிட்டர்ன் பார்சல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகக் கூரியர் பதிவு செய்யும் நேரத்திலிருந்தே புகாருக்கான கெடு ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பெட்டியைப் பிரித்த நாள் கணக்கில் வராது. உங்கள் தளத்தின் விற்பனையாளர் விதிகளில் அந்தக் கெடு எத்தனை நாள் என்பதைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ரிட்டர்ன்களை மூலையில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் கெடு கடந்த கோரிக்கையை ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பல தளங்கள் ஏற்பதில்லை.

பார்சலைக் கையில் வாங்கும்போதே டேப் கிழிந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தாலோ, பெட்டி நசுங்கியிருந்தாலோ, கூரியர் ஊழியர் முன்னிலையில் படம் எடுத்து, ஒப்புகையில் “பெட்டி சேதமடைந்த நிலையில் பெறப்பட்டது” என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். பெட்டி நன்றாக இருந்தால் அதையும் ஆறு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதைக் காட்ட அந்தப் படங்கள் பின்னர் தேவைப்படும்.

பிரிக்கும் வீடியோ இடையில் நிற்காமல், வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். முதலில் ரிட்டர்ன் லேபிளில் உள்ள பார்சல் எண் படிக்கத்தக்க அளவில் தெரிய வேண்டும், பிறகு டேப் ஒட்டியிருக்கும் நிலை, அதன் பிறகு வெட்டித் திறப்பது, கடைசியில் பொருளின் சீரியல் எண். பெட்டி ஒரு கணம்கூடப் படச்சட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டு கைகளாலும் பிரிக்க வேண்டியிருப்பதால் போனைத் தாங்கியில் பொருத்திவிடுவது நல்லது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பிரித்தால், முக்கியமான நேரத்தில் கேமரா மேசையைத்தான் படம்பிடித்துக்கொண்டிருக்கும்.

சீரியல் எண்ணை இரண்டு இடத்தில் படியுங்கள்

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் ஓர் எண் இருக்கும்; டிஸ்க்கின் உள்ளேயும் அதே எண் பதிந்திருக்கும். லேபிளைக் கவனமாக உரித்து வேறு டிஸ்க்கின் மேல் ஒட்டிவிட முடியும் என்பதால், லேபிள் எண் உங்கள் பில்லோடு பொருந்தினாலும் உள்ளெண்ணைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். உரித்து ஒட்டிய லேபிளின் ஓரங்கள் லேசாகத் தூக்கி நிற்கும், அல்லது அடியில் காற்றுக் குமிழ்கள் தெரியும்.

உள்ளெண்ணைப் படிக்க, லினக்ஸ் கணினியில் டிஸ்க்கை நேரடியாக சாட்டா கேபிளில் இணைத்து, smartmontools என்ற தொகுப்பை நிறுவிய பிறகு இந்த இரண்டு கட்டளைகளை நிர்வாகி உரிமையோடு இயக்கினால் போதும். டிஸ்க்கின் பெயர் உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம்.

```
smartctl -i /dev/sdb
smartctl -A /dev/sdb
```

முதல் கட்டளை `Serial Number` என்ற வரியில் உள்ளெண்ணைக் காட்டும். இரண்டாவது கட்டளையின் பட்டியலில் `Power_On_Hours` என்ற வரியின் கடைசியில் `RAW_VALUE` என்ற பத்தியில் உள்ள எண், டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்பதைக் காட்டும். புதிய டிஸ்க்கில் இது பூச்சியமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கும். யூஎஸ்பி அடாப்டர் வழியாக இணைத்தால், சில அடாப்டர்கள் டிஸ்க்கின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணையே காட்டிவிடும். அதை நம்பிப் புகார் எழுதினால் உங்கள் மொத்தக் கோரிக்கையும் பொய்யாகத் தெரியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் கணினியில் இணைத்தால் டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்யவோ ‘ஃபார்மட்’ செய்யவோ கேட்கும் பெட்டி வரக்கூடும். அதற்கு ஒருபோதும் சம்மதம் கொடுக்காதீர்கள், ஏனெனில் ஆதாரத்தை நீங்களே மாற்றியதாகிவிடும். அடுத்து, டிஸ்க்கில் வாங்கியவரின் கோப்புகள் இருக்கலாம். அவற்றைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், “அவருடைய குடும்பப் படங்களே உள்ளே இருக்கின்றன” என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பவும் வேண்டாம். ஆதாரமாகத் தோன்றினாலும் அது அடுத்தவரின் தனிப்பட்ட தகவல், அதனால் புகாரே உங்கள் பக்கம் திரும்பிவிடலாம். சீரியல் எண்ணும் ஓடிய மணிக்கணக்கும் தெரியும் திரையைப் படம் எடுத்துவிட்டு இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

“பயன்படுத்தியது” என்பதா, “வேறு பொருள்” என்பதா?

புகார்ப் படிவத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எதிரே இருப்பது பழைய டிஸ்க் என்பதால் “பயன்படுத்திய பொருள் திரும்பி வந்தது” என்பதைத் தேர்ந்தெடுக்கக் கை நீளும். சீரியல் எண் மாறியிருந்தால் அது தவறான தேர்வு. நீங்கள் விற்ற பொருளைத்தான் அவர் பயன்படுத்தினார் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அது படிக்கப்படும். அதன் பிறகு பேச்செல்லாம் எவ்வளவு தேய்மானம், எவ்வளவு கழிவு என்ற கணக்காகத் திரும்பிவிடும். பயன்பாட்டின் அளவு அவரவர் பார்வைக்கேற்ப மாறும். எண் மாறியிருப்பது அப்படியல்ல, யார் பார்த்தாலும் அதில் ஒரே முடிவுதான்.

அதே எண் உள்ள உங்கள் டிஸ்க்கே திரும்பி வந்து, மணிக்கணக்கு மட்டும் 300 என்று ஏறியிருந்தால் அப்போது “பயன்படுத்தியது” என்பதுதான் சரியான காரணம். ஆனால் முழு மறுப்பை எதிர்பார்க்காதீர்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் சட்டப்படி இணையத்தில் வாங்கியவர் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். பொருளின் தன்மையை அறியத் தேவையானதற்கு மேல் கையாண்டிருந்தால், அதனால் குறைந்த மதிப்புக்கு மட்டுமே அவர் பொறுப்பாவார். அத்தகைய விதி உள்ள இடங்களில், ரிட்டர்னை அடியோடு நிராகரிக்கக் கேட்பதைவிட மதிப்புக் குறைவைக் கழித்துக்கொள்ள அனுமதி கேட்பதே பலன் தரும்.

அனுப்பிய பக்கத்தின் சங்கிலி

இனி, “எனக்கு வந்ததே இதுதான்” என்ற பதிலுக்கு வழியில்லாமல் செய்ய வேண்டும். அதற்கு, ஒரே சீரியல் எண் கண்ணி கண்ணியாக வாங்கியவரின் கை வரை போய்ச் சேர்வதைக் காட்ட வேண்டும். மொத்த வியாபாரி உங்களுக்குத் தந்த பில்லில் அந்த எண் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கியவருக்குப் போட்ட பில்லிலும் இருக்க வேண்டும். மூன்றாவதும் மிக முக்கியமானதும், டிஸ்க்கின் சீரியல் எண்ணும் அந்த ஆர்டரின் கூரியர் லேபிளும் ஒரே படத்தில் சேர்ந்து தெரிவது. தனித்தனிப் படங்களாக இருந்தால், அந்த டிஸ்க்தான் அந்தப் பெட்டிக்குள் போனது என்பதை அவை காட்டாது. நான் டிஸ்க்கை உறையில் இடுவது முதல் பெட்டியை ஒட்டி லேபிள் இடுவது வரை ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் வீடியோவாகவே எடுத்துவிடுகிறேன்.

கூரியர் பதிவு செய்யும் எடையைப் பலர் பெரிய ஆதாரமாக நினைக்கிறார்கள். உள்ளே செங்கல்லோ வெறும் பெட்டியோ வந்திருந்தால், போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம் நிச்சயம் பேசும். ஒரே மாடல் டிஸ்க்கைப் பழையதாக மாற்றி வைத்தால் எடை மாறாது. அந்த நிலையில் எடைச்சீட்டை இணைப்பது கடிதத்தைத் தடிமனாக்குவதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

வாங்கியவர் ரிட்டர்ன் கேட்டபோது தேர்ந்தெடுத்த காரணத்தைக் கட்டாயம் பாருங்கள். “இனித் தேவையில்லை” என்று தேர்ந்தெடுத்திருந்தால், சரியான பொருள் சரியான நிலையில் வந்தது என்பதை அவரே மறைமுகமாகச் சொல்லியிருக்கிறார். வேறு டிஸ்க் வந்தது என்ற புகார் அன்று அவரிடம் இல்லை. அந்த ஒரு வரி உங்கள் கடிதத்தில் நன்றாக வேலை செய்யும். மாறாக “தவறான பொருள் வந்தது” என்பது காரணமாக இருந்தால், பேக்கிங் வீடியோவையே முழுக்க நம்பியிருக்க வேண்டும். அந்த வீடியோவும் இல்லையென்றால், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், பெரும்பாலும் தோற்றுவிடுவீர்கள். அந்த ஆர்டருக்கு ஒரு முயற்சி செய்துவிட்டு, அடுத்த ஆர்டரிலிருந்து வீடியோ எடுக்கத் தொடங்குங்கள்.

எழுத உட்காரும் முன் இன்னொரு சோதனை உண்டு. அதே நாளில் அதே மாடல் டிஸ்க் வேறு யாருக்காவது போயிருந்தால், இரண்டு பில்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி மாறி அனுப்பியது நீங்களாகவே இருக்கலாம். திரும்பி வந்த எண் உங்கள் கையிருப்புப் பதிவில் எங்குமே இல்லை என்று உறுதியான பிறகுதான் கடிதத்தில் அந்த வாக்கியத்தை எழுத வேண்டும்.

கடிதம்

பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் படித்து முடித்து, ஒரே ஒரு பொருத்தமின்மையைத் தானே சரிபார்த்துவிடும்படி கடிதம் இருக்க வேண்டும். எனவே கோரிக்கை முதல் வரியிலேயே வரட்டும். பிறகு நடந்தவை தேதி வரிசையில், ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் இணைப்பு எண்ணோடு வரட்டும். “மோசடி”, “திருட்டு” என்ற சொற்கள் வேண்டாம். மாற்றியவர் வாங்கியவரா, அவர் வீட்டில் வேறு யாராவதா, வழியில் எவராவதா என்று உங்களால் உறுதி செய்ய முடியாது. எண் பொருந்தவில்லை என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். கீழே உள்ள மாதிரியில் எண்களும் தேதிகளும் விளக்கத்துக்காக வைக்கப்பட்டவை.

> பொருள்: ஆர்டர் 4471-0926, ரிட்டர்ன் R-88310 – வேறு சீரியல் எண் கொண்ட டிஸ்க் திரும்பி வந்துள்ளது, ரிட்டர்னை நிராகரிக்க வேண்டுகிறேன்
>
> வணக்கம்.
>
> மேற்கண்ட ரிட்டர்னில் நான் விற்ற டிஸ்க்குக்குப் பதிலாக வேறு டிஸ்க் வந்துள்ளதால், இந்த ரிட்டர்னை நிராகரித்து ரீஃபண்டை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 3ஆம் தேதி ZK41M7P2 என்ற சீரியல் எண் கொண்ட புதிய 4 டிபி டிஸ்க்கை அனுப்பினேன். இந்த எண் எனது கொள்முதல் பில்லிலும் (இணைப்பு 1), வாங்கியவருக்கு அளித்த பில்லிலும் (இணைப்பு 2) உள்ளது. டிஸ்க்கின் எண்ணும் கூரியர் லேபிளும் ஒன்றாகத் தெரியும் பேக்கிங் வீடியோவில் 0:22ஆம் நொடியில் இதைக் காணலாம் (இணைப்பு 3).
>
> பார்சல் 6ஆம் தேதி வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 11ஆம் தேதி அவர் “இனித் தேவையில்லை” என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் கோரினார். வேறு பொருள் வந்ததாகவோ பழைய பொருள் வந்ததாகவோ அவர் எங்கும் குறிப்பிடவில்லை.
>
> 15ஆம் தேதி ரிட்டர்ன் பார்சல் டேப் பிரிக்கப்படாத நிலையில் என்னிடம் வந்தது. உள்ளே இருந்த டிஸ்க்கின் லேபிள் எண் WF09T3HB (இணைப்பு 4: வெட்டில்லாத வீடியோ, 1:10ஆம் நொடி). டிஸ்க்கின் உள்ளே பதிந்த எண்ணும் இதுவே. அது ஓடிய நேரம் 21,347 மணி (இணைப்பு 5). இந்த எண் கொண்ட டிஸ்க் எனது கையிருப்பில் எப்போதும் இருந்ததில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதப் பக்கத்தில் இவ்வெண்ணை இட்டால் உத்தரவாதக் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது (இணைப்பு 6). தாங்களும் அங்கே சரிபார்க்கலாம்.
>
> டிஸ்க் தவறுதலாக மாறியிருக்கவும் கூடும். ZK41M7P2 எண் கொண்ட டிஸ்க்கை வாங்கியவர் திருப்பி அனுப்பினால், தங்கள் விதிப்படி அந்த ரிட்டர்னை ஏற்கத் தயாராக இருக்கிறேன். வந்திருக்கும் டிஸ்க்கை மாற்றமின்றிப் பாதுகாத்து வைத்துள்ளேன். அதை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிவிக்கவும்.
>
> தங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் 21,347 மணி என்பது சிறிய வரியாகத் தோன்றினாலும், அதை 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 889 நாள், அதாவது இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. டிஸ்க் வாங்கியவரிடம் இருந்ததோ அதிகம் போனால் ஒன்பது நாள்தான். இந்தக் கணக்கை விரும்பினால் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஆனால் அதை முன்னே வைத்துவிடாதீர்கள், ஏனெனில் மணிக்கணக்கை மட்டும் பார்ப்பவர் “அப்படியானால் நீங்கள்தான் பழையதை விற்றிருக்கிறீர்கள்” என்ற முடிவுக்கு எளிதில் போய்விடுவார். சீரியல் எண்ணின் சங்கிலி முடிந்த பிறகு அதே மணிக்கணக்கு உங்கள் பக்கம் நிற்கும்.

“தவறுதலாக மாறியிருக்கவும் கூடும்” என்ற பத்தி பலருக்குப் பிடிப்பதில்லை, விட்டுக்கொடுப்பதாக நினைக்கிறார்கள். கணினியில் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டிப் பார்த்தவர், திருப்பும்போது மேசையில் இருந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவது உண்மையிலேயே நடக்கிறது. மேலும், பணியாளருக்கு யாரையும் குற்றவாளியாக்காமல் உங்கள் கோரிக்கையை ஏற்க அது ஒரு வழியைத் திறந்து கொடுக்கிறது.

சில தளங்களில் கூரியர் ரிட்டர்ன் பார்சலை எடுத்துக்கொண்டவுடனே ரீஃபண்ட் போய்விடும். அப்படிப் போயிருந்தால் “நிராகரிக்கவும்” என்று கேட்பதில் பொருளில்லை. முதல் வரியை “எனக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யவும்” என்று மாற்றி, ஈடு கோரும் தனிப் படிவம் இருந்தால் அதன் வழியாகவே அனுப்ப வேண்டும். ரீஃபண்ட் இன்னும் போகவில்லை என்றால், புகார் முடியும்வரை ரிட்டர்னை ஏற்றுக்கொள்ளும் பொத்தானைத் தொடாதீர்கள்.

அனுப்பிய பிறகு

படங்களை வாட்ஸ்அப்பில் வழக்கமான படமாக அனுப்பிக் கணினிக்கு மாற்றினால் அவை சுருங்கி, எடுத்த தேதி நேர விவரமும் போய்விடும். கேபிள் மூலம் அசல் கோப்பாகவே எடுங்கள். கோப்புகளுக்கு “1-கொள்முதல்-பில்”, “4-ரிட்டர்ன்-வீடியோ” என்று கடிதத்தில் உள்ள வரிசைப்படியே பெயரிடுங்கள். வீடியோ அளவு தளத்தின் வரம்பைத் தாண்டினால், வெட்டிச் சுருக்காமல் அதே வீடியோவைக் குறைந்த தெளிவில் மாற்றி அனுப்பி, அசல் கோப்பு கைவசம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். குறைந்த தெளிவில் சீரியல் எண் படிக்க முடியாமல் போனால், அந்த நொடியின் தெளிவான படத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.

“ஆதாரம் போதவில்லை” என்று பதில் வந்தால் புதிய டிக்கெட் திறக்காதீர்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டாவது டிக்கெட் என்று அது தானாக மூடப்படலாம். அதே உரையாடலில், எந்தக் கூற்றுக்கு எந்த ஆதாரம் போதவில்லை என்று மட்டும் கேளுங்கள். வீடியோவை யாரும் திறந்தே பார்க்காமல் பதில் அனுப்பியிருப்பதும் உண்டு. “இணைப்பு 3இல் 0:22ஆம் நொடியும் இணைப்பு 4இல் 1:10ஆம் நொடியும்” என்று சுட்டி, இரண்டு எண்களையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதி அனுப்பினால், எனது அனுபவத்தில் அடுத்த பதில் வேறு மாதிரி வருகிறது. அதற்கும் அசையவில்லை என்றால், மேல்முறையீட்டு வழி என்று தளம் எதைச் சொல்கிறதோ அதில் இதே கடிதத்தைச் சொல் மாறாமல் இட்டு, முதல் முடிவின் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

தளம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் அந்தப் பழைய டிஸ்க்கை உடனே தூக்கி எறியாதீர்கள், துடைத்து விற்கவும் செய்யாதீர்கள். வாங்கியவர் தனது வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வாரங்கள், சில வேளை மாதங்கள்வரை அவகாசம் இருக்கும். அப்போது இதே கோப்புகளையும் இதே டிஸ்க்கையும் மறுபடி கேட்பார்கள். டிஸ்க்கை உறையிலிட்டு, மேலே ஆர்டர் எண்ணையும் ரிட்டர்ன் எண்ணையும் எழுதி ஒட்டி, விற்பனைச் சரக்கோடு கலக்காத தனி அலமாரியில் வையுங்கள்.